பொன்செல்வியும் என் இடது ஷூவும்

பொன்செல்வியை நான் முதலில் பார்த்தது ஷூ திருடியாகத்தான். ஜும்ஆ தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படிக்கு வருகிறேன், வலது ஷூ மட்டும் கிடக்கிறது, இடதைக் காணோம். ஒற்றை ஷூவை எவன் திருடுவான் என்று யோசிக்கிற நிதானம் எனக்கு இல்லை. நிதானம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவு, வீட்டில் கேட்டால் சொல்வார்கள். பேட்டைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

எதிரே எலக்ட்ரிக் கடை நிழலில் ஒரு மேஜை. அதன் பின்னாலிருந்து ஒரு பெண் என் ஷூவோடு எழுந்து நின்றாள்.

“சத்தம் போடாதிய அண்ணாச்சி. உங்க ஷூ இங்கனதான் இருக்கு. மூக்கு தேஞ்சி பொளக்கப் போவுது, அதான் எடுத்தேன்.”

“கேட்டுட்டு எடுக்கணும்னு தெரியாதா உனக்கு?”

“கேக்கலாம்னா நீங்க உள்ள தொழுதுட்டுல்லா இருந்திய.”

ஒரு கையால் தொடையை அமுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணிடமிருந்து ஷூவைப் பிடுங்கினேன். பார்த்தால் முன்பக்கத்தில் இருந்த பெரிய கீறலைக் காணோம். கறுப்புத் தோல் வழவழவென்று இருந்தது. விரலால் தடவப் போனேன். “தொடாதிய, இன்னும் காயல” என்று கையைத் தட்டிவிட்டாள்.

அந்த ஷூவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் பெயர் காஜா முகைதீன். பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போய், வலதைவிட நாலு விரல்கடை குட்டையாக நின்றுவிட்டது. பாதத்தின் முன்பக்கம் வேறு தொங்கும். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிப் பட்டறையில் காலுக்கு அச்செடுத்து, இடது ஷூவுக்கு மட்டும் கனமான அடி வைத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். அந்த ஷூ வருவதற்கு முன்பு எனக்கு நடை என்றால் இடது கையை முட்டுக்கு மேலே தொடையில் ஊன்றி அமுக்கி அமுக்கி நடப்பதுதான். பாதி ஆயுசு அப்படித்தான் போயிற்று.

அப்படி நடக்கிறவனுக்கு ஒரு கைதான் சொந்தம், இன்னொரு கை காலுடையது. எங்களில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சலாம் சொல்லி இரண்டு கையாலும் கை கொடுப்போம். நான் வருஷக்கணக்காக ஒற்றைக் கையைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஷூ வந்த அன்று தெருவில் எதிர்ப்பட்டவருக்கெல்லாம் இரண்டு கையாலும் கை கொடுத்தேன். கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

தொங்கும் பாதம் என்பதால் இடது ஷூவின் மூக்கு போகிற இடமெல்லாம் இடிக்கும். கல், வாசற்படி, சிமெண்டு மேடு, எதையும் விடாது. புது ஜோடிக்குச் சொன்னால் அச்செடுத்து, முறை வந்து, தைத்துக் கைக்கு வர அரை வருஷம் ஓடிவிடும். அதுவரை பழசு தாங்க வேண்டும். அந்தத் தேய்ந்த மூக்கைத்தான் பொன்செல்வி அன்று படியில் பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். இவளுக்குச் சேற்றில் இறங்கினால் காலெல்லாம் தடித்துப் போகும். அதனால் பள்ளிக்கூடம் முடித்ததும் பேட்டையில் சித்தி வீட்டில் தங்கி எஸ்டேட்டில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்கு வந்துவிட்டாள். தைக்கிற இடத்தில் இல்லை, கடைசி மேஜையில். தைத்து வரும் ஷூவில் கீறல், சிராய்ப்பு, நிறம் ஏறாத இடம் எது இருந்தாலும் அந்த மேஜையில் சரி செய்துதான் பெட்டிக்குள் போகும். அங்கேதான் லோடு ஆட்டோ ஓட்டும் மகாராஜாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். கம்பெனியை மூடிவிட்டு முதலாளி கோயம்புத்தூர் பக்கம் போனபோது மற்றப் பெண்களெல்லாம் தீப்பெட்டிக்கும் ஜவுளிக்கடைக்கும் போனார்கள். இவள் மட்டும் எலக்ட்ரிக் கடைக்காரரிடம் நிழலைக் கேட்டு மேஜையைப் போட்டாள்.

பொம்பளை ஷூ தைக்கிறாளா என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்டு. “தைக்க மாட்டேன். அறுந்து வந்தா அந்தப் பக்கம் போங்க. அறுகதுக்கு முன்னால வந்தா இங்க வாங்க” என்று சொல்லிவிடுவாள். வக்கீல்கள், பேங்க் ஆட்கள், பைக்கில் கியர் போட்டுப் போட்டு இடது ஷூவில் தழும்பு வாங்கிய மருந்துக் கம்பெனி ரெப்புகள் என்று வாடிக்கை சேர்ந்தது. கீறலைக் காட்டினால் முதலில் திட்டுவாள். என்றைக்கு விழுந்தது, ஏன் அன்றைக்கே வரவில்லை என்பாள். தோலுக்கு மேல்பூச்சு போய்விட்டால் உள்ளே நார் நாராகத்தான் இருக்கும், தண்ணீர் இறங்கும், காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு, நடக்கும்போது மடங்குகிற மடிப்புக்குப் போய்விட்டால் ஆண்டவனே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று நீட்டி முழக்குவாள். கேட்கிறவன் தலைகுனிந்து நிற்பான். நானும் நின்றிருக்கிறேன்.

எனக்கு மட்டும் ஒரு சிக்கல். மற்றவர்கள் ஷூவை விட்டுவிட்டுச் செருப்பில் போவார்கள். எனக்கு வேறு செருப்பு கிடையாது. ஷூ இல்லாமல் தெருவில் நடக்க மாட்டேன் என்று பிடிவாதம் வேறு. அதனால் வெள்ளிக்கிழமை ஏற்பாடு வந்தது. வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் என் ஷூ காலில் இல்லாமல் படியில் கிடக்கும். பள்ளிக்குள் எனக்கு முதல் தூண் பக்கம் இடம், சுவரைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். தொழுகைக்கு முன்னால் பயான் பிரசங்கம் தொடங்கும்போது அவள் வந்து இடது ஷூவை எடுத்துக்கொண்டு போவாள். தொழுது முடித்து வரும்போது அது படியில் இருக்கும்.

அவ்வளவு நேரத்துக்குள் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் செய்வாள். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பழைய பாலிஷை எடுப்பாள். எழும்பி நிற்கும் நாரை பிளேடால் சீவி, வழவழப்பான உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பாள். பிறகு பட்டி. சுவருக்கு வைக்கிற பட்டி இல்லை, தோலுக்கென்று வருகிற பட்டி, காய்ந்தாலும் ரப்பர் மாதிரி வளையும். பள்ளத்தில் அதைச் சின்னத் தகட்டால் காகிதக் கனத்துக்கு வழித்து வைப்பாள். ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே காயாது, உரிந்து வந்துவிடும். அதனால் இந்த வாரம் ஒரு பூச்சு, ஆழமாக இருந்தால் அடுத்த வாரம் இன்னொன்று. காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள், அதன்மேல் கறுப்புக் கிரீமைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்து, துணியால் தேய்த்துவிட்டால் கீறல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. மேலோட்டமான சிராய்ப்பு என்றால் பட்டியே வேண்டாம், கிரீமோடு விட்டுவிடுவாள்.

ஒரு பெண்பிள்ளை பள்ளிவாசல் படியிலிருந்து வாரா வாரம் ஷூவைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று ஒருவர் என்னிடம் முனகினார். “உங்க மூக்குல கீறல் விழுந்தா சொல்லுங்க, அதையும் பாத்துக் குடுப்பா” என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் தஸ்மியாவுக்கு நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளை முஆத், மேலப்பாளையம். ஞாயிற்றுக்கிழமை மஹாலில் நிக்காஹ். எனக்கு அந்த நாளில் இருந்தது ஒரே ஆசை. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது பெண்ணின் வாப்பா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கை கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டும். முட்டில் கையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையை நீட்டுகிற ஆளாக என் மகளுடைய மாமனார் என்னை முதன்முதலில் தொடக்கூடாது. பெண் பார்க்க வந்தபோது வீட்டுக்குள் ஷூ இல்லாததால் நான் நாற்காலியில் உட்கார்ந்தே, சலாம் மட்டும் சொல்லிச் சமாளித்துவிட்டேன். இதைப் பொன்செல்வியிடம் சொல்லியிருந்தேன். “ஜம்முனு நிப்பிய, ஷூவை எங்கிட்ட விடுங்க” என்று சொல்லியிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்தேன். படியில் இடது ஷூ இல்லை. எதிரே அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணாச்சி, இதுல யாரு எண்ணெய் போட்டா?”

“எண்ணெயா?”

“தேங்கா எண்ணெய். மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டு எண்ணெய்தான். உடனே விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரி அலிமா பீவிக்குக் கல்யாண வேலையில் தூக்கமே இல்லை. வீட்டில் பித்தளை, கதவு, பீரோ என்று கண்ணில் பட்டதையெல்லாம் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள். என் ஷூவையும் விடவில்லை. தினமும் காலையில் துணியில் எண்ணெய் தொட்டு அதன் மூக்கைத் தேய்த்திருக்கிறாள். நான்கூட இரண்டு நாளாக ஷூ மின்னுகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பொன்செல்வி நகத்தால் லேசாகத் தொட்டாள். போன மாதம் வைத்த பட்டி அப்படியே தோசை ஓரம் மாதிரி எழும்பி வந்தது. அதன் கீழே தோல் கறுத்து ஊறிப்போய்க் கிடந்தது. ஒரு வெடிப்பு மடிப்பை நோக்கிக் கோடு போட்டிருந்தது.

“எண்ணெய் ஏறின தோல்ல பட்டி ஒட்டாது. இந்த எண்ணெய மொதல்ல வெளிய எடுக்கணும். ஸ்பிரிட்டு போட்டுத் தொடைக்கணும், பவுடரை அப்பி ராத்திரி பூரா வைக்கணும், அது எண்ணெயக் குடிக்கும், மறுபடி தொடைக்கணும். பொறவுதான் பட்டி. நாளைக்கு சாயங்காலம்தான் தருவேன்.”

“அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?”

“நடந்துதான்.”

எனக்கு வந்ததே கோபம். கல்யாணத்துக்கு ஊரெல்லாம் கூடியிருக்கிற நேரத்தில் நான் முட்டில் கை வைத்துக்கொண்டு தெருவில் போக வேண்டுமா, வேலை தெரியாதவள், வெறும் கிரீமைப் பூசிக் கொடு போதும் என்று என்னென்னவோ கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், “கிரீமைப் பூசுதேன். ஞாயித்துக்கெழம உள்ளூர வெடிச்சி, மஹால் வாசல்ல வாயப் பொளக்கும். போட்டுட்டுப் போறியளா?” என்று கேட்டாள்.

ஷூவை அவளிடமே விட்டேன். மகாராஜா ஆட்டோவைக் கொண்டுவந்து என்னை முன்னால் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு வாசலில் இறங்கி உள்ளே போவதற்குள் கொழும்பிலிருந்து வந்த கொழுந்தியாள் முதல் சமையல்காரர் வரை அத்தனை பேரும் என் நடையைப் பார்த்துவிட்டார்கள். அலிமாவிடம் வள்ளென்று விழுந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “பளபளன்னு இருக்கட்டும்னுதான தேச்சேன்” என்றாள். அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம். எங்கள் ஊரில் தலைக்கும் எண்ணெய்தான், பூட்டுக்கும் எண்ணெய்தான், பீரோ கீலுக்கும் எண்ணெய்தான்.

சனிக்கிழமை மாலை பொன்செல்வி சொன்னபடி வந்து கொடுத்தாள். புது ஷூ மாதிரி இருந்தது. அவள் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. “எண்ணெய முழுசா எடுக்க முடியல அண்ணாச்சி. வெயில்ல உள்ள இருக்க எண்ணெய் மேல வரும். நாளைக்கு எங்கயும் இடிக்காம பைய நடங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பைய நடந்தேன். யாரும் அப்படி நடந்திருக்க மாட்டார்கள். வீட்டுப் படியைத் தாண்டினேன், காரில் ஏறினேன், இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. மஹால் வாசற்படியின் விளிம்பில் ஒரு அலுமினியப் பட்டை அடித்திருந்தார்கள். அதில் போய் இடித்தது என் ஷூவின் மூக்கு. குனிந்து பார்த்தால் பட்டியின் ஓரம் பெயர்ந்து நிற்கிறது.

பொன்செல்வி கல்யாணத்துக்குப் பச்சைப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். இப்படி ஏதாவது ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் சாமான் பெட்டியும் இருந்தது, சப்பையான மரப்பெட்டி. வாசலை ஒட்டி ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து ஷூவைக் கழற்றினாள். பெயர்ந்ததைப் பிளேடால் வெட்டி எடுத்தாள், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், உப்புத்தாள் போட்டாள், பட்டியை வழித்தாள். மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் நேரம் இருந்தது. ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலியில் ஷூவைக் காய வைத்தாள்.

அவள் பெட்டியை மூடுவதற்குள் தெருமுனையில் கார்கள் திரும்பின. மாப்பிள்ளை வந்தாச்சு என்று யாரோ ஓடி வந்து சொன்னார்கள். மேலப்பாளையத்துக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“குடு” என்றேன்.

“காயல அண்ணாச்சி.”

“குடும்மா.”

ஷூவை எடுத்து என் மடியில் வைத்தாள். “உங்க ஷூ, உங்க இஷ்டம். இப்பப் போட்டு நடந்தா மடிப்புல ஈரப் பட்டி இழுக்கும், வெடிப்பும் மடிப்பு வரைக்கும் போயிரும். இன்னைக்கு நடந்துருவிய. நாளையில இருந்து புதுசு வார வரைக்கும் கைய முட்டுல வச்சிக்கிடணும்.”

கார்க்கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. ஷூவின் மூக்கைத் தொட்டேன். விரலில் ஒட்டியது. அரை வருஷம். மகளை மேலப்பாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு அரை வருஷம் அவள் வீட்டு வாசலுக்கு எப்படிப் போவேன். ஷூவை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

எழுந்து தொடையில் கையை ஊன்றி வாசலுக்கு வந்து நின்றேன். இடது பக்கம் சாய்ந்துதான் நின்றேன். முஆதின் வாப்பா முதல் ஆளாகப் படியேறி வந்தார். சலாம் சொன்னார். இரண்டு கையையும் நீட்டினார். நான் பதில் சலாம் சொல்லி வலது கையை மட்டும் எடுத்தேன்.

கீழே என் இடது காலில் ஏதோ தட்டியது. பொன்செல்வி குனிந்து அவளுடைய பெட்டியைக் காலடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். “காலத் தூக்கி இதுல வைங்க” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வைத்தேன். இடுப்பு நேரானது. தொடையில் இருந்த கையை எடுத்துப் பார்த்தேன். விழவில்லை.

சம்பந்தியின் கைகளை இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் என் காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அதைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். பிடித்த கையை விடாமலே பக்கவாட்டில் நகர்ந்து என் தோளோடு நின்றுகொண்டு, “ஒவ்வொருத்தரா வாங்கப்பா, மாமா இங்கன நிக்காங்க” என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். முஆத் வந்தான், அவன் தம்பிகள் வந்தார்கள், மச்சான்மார் வந்தார்கள். நான் நடந்து போய் அழைத்து வர நினைத்த அத்தனை பேரும் வரிசையாக என்னிடம் வந்து இரண்டு கையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வாப்பாவின் அழுகை என்று நினைத்து நாலைந்து பேர் முதுகைத் தட்டினார்கள்.

கடைசி ஆள் உள்ளே போகும்வரை பெட்டி ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். பட்டுப்புடவை தரையில் புரள, அவள் முட்டி போட்டு இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.